வேலைக் குழுவில் தமிழா, ஆங்கிலமா, இரண்டும் கலந்தா?

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலைக்கு வந்து சேர்ந்ததும் உங்கள் எண்ணை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதற்குக் கீழே நம்மூர் அண்ணன் ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருப்பார். இன்னொருவர் தமிழில் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பார். நாம் எதில் எழுதுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களில் சிலர், ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருப்பார்கள். சிலர் கைக்கு வந்தபடி தங்கிலீஷில் தட்டிவிடுவார்கள். இரண்டிலும் யாரோ ஒருவர் விஷயம் தெரியாமல் நிற்பார்.

பம்ப், ஏசி, மின்சாரம் பார்க்கிற ஒரு பராமரிப்புக் குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, ஷிஃப்ட் மாறும்போது போடுகிற செய்தியைப் பற்றி. மொழி சரியாக அமையாவிட்டால் ஆபத்து வருவது அங்கேதான்.

முதலில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள்

குழுவின் பெயரைத் தொட்டால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அங்கே தமிழர் எத்தனை பேர் என்று எண்ணுவதில் பயன் இல்லை. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவராவது இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் நம்மவர்களாக இருப்பார்கள். மீதி இரண்டு பேர் பாதுகாப்பு அதிகாரியும் கட்டட உரிமையாளர் பக்கத்து எஞ்சினியருமாக இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் எதுவும் எழுத மாட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும் படிப்பார்கள். அவர்கள் இருப்பதையே நாம் மறந்துவிடுவோம்.

இந்தியர் மாதிரி தெரிகிறவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். இங்கே மலையாளிகள் உண்டு, பஞ்சாபிகள் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழில் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் நீளமான தமிழ்ச் செய்தியைப் படிக்கத் திணறுவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம்தான் சட்டென்று புரியும். ஊரிலிருந்து வந்த மூத்த டெக்னீஷியன்கள் சிலருக்கு இது அப்படியே தலைகீழ்: தமிழ் எழுத்தில் இருந்தால் ஒரே பார்வையில் படிப்பார்கள், தங்கிலீஷாக இருந்தால் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். யார் எந்த வகை என்பது முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். தயங்காமல் கேட்டுவிடலாம்: “அண்ணே, உங்களுக்குத் தமிழ்ல அனுப்பினா வசதியா, இங்கிலீஷ்லயா?”

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. எம்ஆர்டி நிலையத்துப் பலகையில் தமிழைப் பார்த்ததும் வருகிற சந்தோஷம் எனக்கும் புரிகிறது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் இந்நாட்டுவாசிகளில் 2.5 விழுக்காடு. சீனர், மலாய்க்காரர், பங்ளாதேஷ்காரர், பிலிப்பினோ என்று எல்லாரும் சேர்ந்திருக்கிற வேலைக் குழுவில் பொதுவாக இருப்பது ஆங்கிலம் ஒன்றுதான். அதுவும் இலக்கண சுத்தமான ஆங்கிலம் இல்லை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் உடைந்த ஆங்கிலம். அதனால் உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

படித்துவிட்டு யார் கை வைக்கப் போகிறார்?

செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி போதும். இதைப் படித்து யாராவது ஒரு சுவிட்சையோ வால்வையோ தொடப் போகிறார்களா, அல்லது தொடாமல் இருக்க வேண்டுமா? ஆம் என்றால் பொதுக் குழுவில் ஆங்கிலத்தில் போட வேண்டும். இடம், கருவியின் எண், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நேரம், யார் பொறுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். நாளைக்கே யாராவது அந்தச் செய்தியைத் தேடி எடுக்கலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பலாம்.

தேடுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கருவியின் பெயரைப் பலகையில் என்ன எழுத்தில் எழுதியிருக்கிறதோ அப்படியே அடியுங்கள். ஒருவர் தமிழில் பம்ப் என்றும், ஒருவர் ஆங்கிலத்திலும், இன்னொருவர் பாதி எழுத்தை விழுங்கியும் எழுதினால், மூன்று மாதம் கழித்துக் குழுவில் தேடும்போது ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. முழுக்கத் தமிழில் எழுதுகிற செய்தியிலும் கருவியின் எண்ணை மட்டும் பலகையில் உள்ளபடி ஆங்கிலத்தில் விடுங்கள்.

ஏன் அப்படிச் செய்தோம், எதில் கவனமாக இருக்க வேண்டும், போன தடவை என்ன ஆனது என்பதெல்லாம் விளக்கம். அதைத் தமிழர்களுக்குத் தமிழிலேயே சொல்வதுதான் நல்லது. விளக்கத்தையும் இழுத்துப் பிடித்து ஆங்கிலத்தில் எழுதப் போனால், எழுதுகிறவர் சுருக்கிவிடுவார், படிக்கிறவர் பாதியை விட்டுவிடுவார்.

ஒரு செய்தியை எழுதிப் பார்ப்போம்

கீழ்த்தளப் பம்ப் அறையில் இரண்டு பம்ப்கள் இருக்கின்றன. கீழே உள்ள தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவற்றின் வேலை. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்கும், பிறகு முறை மாறும். பகல் ஷிஃப்டில் இரண்டாவது பம்பின் சீலில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டு போட்டு, டேக் மாட்டியாகிவிட்டது. செலக்டர் சுவிட்சை முதல் பம்ப் மட்டும் ஓடுகிற மாதிரி வைத்தாகிவிட்டது. சீல் நாளைக்கு வரும். இரவு ஷிஃப்டில் இரண்டு தமிழர்கள், ஒரு பங்ளாதேஷ்காரர், ஒரு மலாய் சூப்பர்வைசர்.

இதை நம் ஆட்கள் வழக்கமாக எப்படிப் போடுவார்கள் என்றால், “பம்ப்ல லீக் இருக்கு, ஆஃப் பண்ணிருக்கேன், பாத்துக்கோங்க” என்று தங்கிலீஷில் ஒரே வரி. எந்தப் பம்ப்? வெறுமனே சுவிட்சை நிறுத்தினாரா, பூட்டும் போட்டாரா? பாத்துக்கோங்க என்றால் இரவு ஆள் என்ன செய்ய வேண்டும்? சூப்பர்வைசருக்கோ அந்த ஒரு வரியும் இல்லை.

பொதுக் குழுவுக்குப் போக வேண்டியது இதுதான்:

```
B1 pump room
Pump 2: OFF, locked + tagged. Seal leaking.
Do NOT switch on.
Pump 1: running, selector on Pump 1.
Lock key: night supervisor
Next check: 11 pm
```

இதில் இலக்கணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வரியில் ஒரு விஷயம். செய்யக் கூடாததைத் தனி வரியில், NOT என்பதைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறது. மணி எழுதினால் காலையா மாலையா என்பது தெரிய வேண்டும். தேசிய சேவை முடித்த உள்ளூர்க்காரர்கள் இருபத்து நான்கு மணிக் கணக்கில் நான்கு இலக்கமாக எழுதுவார்கள், அதுவும் நல்ல பழக்கம்தான். டேக் மாட்டிய பூட்டை ஒரு படம் எடுத்து, அதன் கீழேயே இந்த வரிகளைப் போட்டுவிட்டால் மொழி தடுமாறுகிறவருக்கும் படம் சொல்லிவிடும். ஒன்று கவனம்: பூட்டைக் கைமாற்றுவது நேரில் நடக்க வேண்டியது. குழுவில் செய்தி போட்டதால் பூட்டு கைமாறிவிட்டதாகக் கணக்கு வைக்கக் கூடாது.

அப்புறம் இரவு ஷிஃப்ட் தமிழர்கள் இருவருக்கும் தனியாக, தமிழில்:

“Pump 2-ஐ எந்தக் காரணத்துக்கும் போட வேண்டாம். சீல் போயிருக்கு, ஓட்டினா தண்ணி மோட்டார் பக்கம் அடிக்கும். நடுராத்திரி மாடித் தொட்டியில தண்ணி குறைஞ்சு அலாரம் அடிச்சா, முதல்ல Pump 1 ஓடுதான்னு பாருங்க. அது நின்னுபோயிருந்தா சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க. அவசரத்துல Pump 2 பூட்டுல கை வைக்காதீங்க.”

முதல் செய்தி எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்கிறது. இரண்டாவது, அலாரம் அடிக்கிற நேரத்தில் ஒரு டெக்னீஷியனுக்கு வரக்கூடிய சபலத்தை முன்கூட்டியே பார்த்து, அவருடைய மொழியில் பேசுகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் அந்த அழுத்தம் வராது. ஆனால் தமிழில் நீங்கள் சொன்னதில் புதிதாக ஒரு தகவல் இருந்தால், அதாவது ஆங்கிலச் செய்தியில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தால், அதை உடனே பொதுக் குழுவிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இங்கே அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அப்படிப்பட்ட தகவல். பங்ளாதேஷ் நண்பருக்கும் அது தெரிந்தாக வேண்டுமே.

தங்கிலீஷ் எங்கே காலை வாரும்

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் தட்டுகிறவருக்கு அதுதான் வேகம். டீ குடிக்க வரச் சொல்வதற்கும், லாரி எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் தமிழில் ஆம், இல்லை என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த வால் ஆங்கில எழுத்தில் சுருங்கிவிடும். இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள்:

```
P2 on pannala
P2 on pannalam
```

முதல் வரி, போடவில்லை. இரண்டாவது, போடலாம். நடுவே இருப்பது ஒரே ஒரு எழுத்து. அதைத் தட்ட விட்டுப்போகலாம், போனே தானாகத் திருத்திவிடலாம், படிக்கிறவர் அவசரத்தில் தாண்டிப் போகலாம். அடுத்து ஒரு ஆகாரத்தைச் சேர்த்தால் போடலாமா என்ற கேள்வியாகிவிடும். அதற்குக் கீழே ஒருவர் கட்டைவிரலைப் போட்டார் என்றால் அவர் எதற்குச் சம்மதம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. தமிழ் எழுத்தில் பண்ணல, பண்ணலாம் என்று எழுதும்போது நடுவில் உள்ள துணைக்காலும் கடைசி மெய்யும் கண்ணில் படும். வாய்ப்பேச்சில் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில எழுத்தில் மட்டும் எதுவும் இல்லை.

நாலு மணிக்கு, நாளைக்கு என்ற இரண்டும் இதே மாதிரிதான். அவரவர் விருப்பப்படி எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதினால் ஒன்று மற்றதாகத் தெரியும். அதனால் நேரத்தையும் தேதியையும் எண்ணாகவே அடியுங்கள்.

ஆக, கலந்து எழுதுவதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தமிழர்கள் மட்டும் உள்ள சின்னக் குழுவில் பெயர்ச்சொற்கள் ஆங்கிலமாக இருக்கட்டும்: பிரேக்கர், வால்வு, பெர்மிட் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம், அதற்கெல்லாம் தூய தமிழ் தேடிக்கொண்டு போனால் வேலை நடக்காது. வினைச்சொல்லைத் தமிழ் எழுத்தில், முழுசாக எழுதுங்கள். போட வேண்டாம், போடக் கூடாது, போட்டாச்சு, இன்னும் போடலை. தமிழ் எழுத்தில் தட்டுவது சிரமம் என்றால், ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் விசைப்பலகையைப் போனில் வைத்துக்கொள்ளலாம். ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போதே அந்த வகையைத் தேர்வு செய்ய இடம் இருக்கிறது. ஒரு வாரம் பழகினால் தங்கிலீஷ் வேகமே வந்துவிடும். அனுப்புவதற்கு முன் அது மாற்றித்தந்த சொல்லை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை மறுபடி போடலாமா என்ற கேள்வியை எந்த மொழியிலும் குழுவில் முடிக்காதீர்கள். பூட்டு யாருடையதோ அவரை நேரில் பார்த்தோ போனில் பிடித்தோ கேளுங்கள். முடிவான பிறகு குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டால் போதும். ஆள் அடிபட்டாலோ தீப்பிடித்தாலோ முதலில் 995-ஐ அழையுங்கள், பிறகு சூப்பர்வைசரை. வாட்ஸ்அப் அதற்கெல்லாம் கடைசியில்.

நம்மூர் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு

ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழை அப்படியே பெயர்த்துவைத்தால் சில இடங்களில் அர்த்தம் மாறிப்போகும். நாளைக்குத்தான் வருவார்கள் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘டுமாரோ ஒன்லி’ என்று போட்டால், நாளை ஒருநாள் மட்டும் வருவார்கள் என்று சீன எஞ்சினியர் எடுத்துக்கொள்ளக்கூடும். இன்று இல்லை, நாளை வருவார்கள் என்று இரண்டு துண்டாக எழுதிவிடுங்கள். அதே மாதிரி ‘டவுட் இருக்கு’ என்று எழுதினால் நமக்கு அது கேள்வி. அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது போலக் கேட்கும். கேள்வி இருந்தால் கேள்வியையே எழுதிவிடலாம்.

ஓகே என்று வந்தால் புரிந்தது என்று அர்த்தமா?

இல்லை. பார்த்தேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். நம் ஆட்களிடம் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் பெரியவர்கள் முன்னால் புரியலை என்று சொல்வது நமக்குக் கொஞ்சம் கூச்சம். ஆங்கிலச் செய்தி போன அடுத்த நொடியே ஓகே சார் வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆறு வரியை அந்த வேகத்தில் யாரும் படிக்க முடியாது. அப்போது குழுவில் வைத்துக் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுத் தமிழில், “தம்பி, பதினொரு மணிக்குப் போய் என்னென்ன பார்ப்பீங்க?” என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லட்டும். புரிந்ததா என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள்தான் புதியவர், உங்களுக்குத்தான் ஆங்கிலம் புரியவில்லை என்றாலும் இதே வழிதான். நீங்கள் புரிந்துகொண்டதைச் சின்ன ஆங்கில வாக்கியமாகத் திருப்பி எழுதுங்கள். தப்பாக இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். புரியலை என்று மட்டும் எழுதினால் எந்த இடம் புரியவில்லை என்று எதிராளிக்குத் தெரியாது.

பொதுக் குழுவில் தமிழ் பேச்சு நீண்டுபோனால்

இரண்டு தமிழர்கள் பொதுக் குழுவிலேயே தமிழில் நாலைந்து செய்தி பேசிக்கொண்டால் மற்றவர்களுக்கு ஒரு நெருடல் வரும். தங்களைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். சூப்பர்வைசர் வெறும் கேள்விக்குறி ஒன்றைப் போடுவார், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுவார். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சைத் தொடங்கியவரே என்ன பேசினோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டு, மீதியைத் தனிச் செய்தியில் தொடரலாம். வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம். எழுத்தாக இருந்தால் நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது பார்ப்பார்கள், குரலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? தமிழ் வாய்ஸ் மெசேஜைத் தமிழ்க் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் எந்தக் குழுவிலும் வேண்டாம். அதுவும் தமிழில், ஒருமையில், நாலு பேர் பார்க்க “ஏன் செய்யலை?” என்று வந்தால் அது வேலையைத் தாண்டி மனதில் தங்கிவிடும். வயதில் சின்னவரானாலும் எழுத்தில் ‘பாருங்க’, ‘செய்ங்க’ என்றே இருக்கட்டும். ஆங்கிலத்தில் இந்த ஒருமை பன்மைத் தொல்லை இல்லை. சில கறாரான விஷயங்களை ஆங்கிலத்தில் சொன்னால் யாருக்கும் உறைக்காது என்பதை நான் பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

விடுப்பும் வாழ்த்தும்

உடம்பு சரியில்லை, எம்சி எடுத்திருக்கிறேன் என்பது சூப்பர்வைசருக்கான செய்தி. ஆங்கிலத்தில், எத்தனை நாள், எந்தத் தேதி வரை என்று எழுதினால் போதும். என்ன நோய் என்று குழுவுக்கே விளக்கத் தேவையில்லை. அண்ணன்கள் கேட்டால் தமிழ்க் குழுவில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தீபாவளி இங்கே பொது விடுமுறை, அதனால் உங்களுக்கு ஏன் அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. ஜனவரி நடுவில் எல்லாத் தமிழர்களும் ஒரே நாளில் லீவு கேட்டால் ஷிஃப்ட் போடுகிறவர் விழிப்பார். டிசம்பரிலேயே ஆங்கிலத்தில் தேதியைக் குறிப்பிட்டு, அது அறுவடைத் திருநாள் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வாழ்த்தை மட்டும் பொதுக் குழுவிலேயே தமிழில் போடுங்கள், கீழே ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால் போதும். மலாய் சூப்பர்வைசர் அதைப் பார்த்துப் பொங்கல் எங்கே என்று கேட்டால், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.